பிரைமரி எது, செகண்டரி எது: புரோட்டோகாலில் வைத்த பெயர் முடிவுரை வரை மாறாமல் இருக்க

கேள்வி: வேலூரில் எம்.டி. கடைசி வருடம். அணைக்கட்டு ஒன்றியத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் 120 பேரிடம், இரும்பு மாத்திரையைத் தினமும் கொடுப்பதா, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதா என்று ட்ரையல் செய்தேன். புரோட்டோகாலில் பிரைமரி அவுட்கம் 8-வது வார ஹீமோகுளோபின். சி.டி.ஆர்.ஐ. பதிவில் "ஹீமோகுளோபின் முன்னேற்றம், 4 மற்றும் 8 வாரம்" என்று போட்டுவிட்டேன். இப்போது 8-வது வாரத்தில் வித்தியாசம் இல்லை (பி = 0.19), 4-வது வாரத்தில் இருக்கிறது (பி = 0.04). குமட்டல் ஒருநாள் விட்டு ஒருநாள் குழுவில் குறைவு (பி = 0.03), அது செகண்டரி. "4-வது வாரத்தையும் குமட்டலையும் முன்னால் வைத்து அப்ஸ்ட்ராக்ட் எழுது" என்கிறார் கைடு. பதிவிலேயே 4-வது வாரம் இருப்பதால் அது தப்பில்லையா? எதை எங்கே எந்தப் பெயரில் எழுத வேண்டும்?

பதில்:

பிரைமரி உங்களுக்கு ஒன்றுதான், 8-வது வாரம். 4-வது வார ஹீமோகுளோபினை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அதைப் பிரைமரி என்று சொல்லவும் முடியாது. ஏன் என்பதற்கான சாட்சி உங்கள் புரோட்டோகாலிலேயே, சாம்பிள் சைஸ் கணக்கு போட்ட பத்தியில் இருக்கும்.

120 பேர் என்ற எண்ணிக்கை எப்படி வந்திருக்கும் என்று பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். இரு குழுக்களுக்கும் இடையே 0.5 கிராம் வித்தியாசம், திட்ட விலக்கம் 0.8, பவர் 90 சதவீதம், ஆல்ஃபா 0.05 என்று வைத்தால் குழுவுக்கு 54 பேர் வருகிறது. பத்து சதவீதம் பேர் விடுபடுவார்கள் என்று கூட்டினால் 60. இரண்டு குழுவுக்கும் சேர்த்து 120. உங்கள் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அந்த 0.5 எந்த வாரத்து ஹீமோகுளோபினுக்காகப் போடப்பட்டதோ, அதுதான் பிரைமரி. புரோட்டோகாலும் பதிவும் வேறு வேறாகச் சொல்லும்போது நான் முதலில் திறப்பது இந்தப் பத்தியைத்தான். ரிசல்ட் வருவதற்கு ரொம்ப முன்னால், வேறு ஒரு வேலைக்காக எழுதப்பட்டது என்பதால் அதில் சாய்வு இருக்க வாய்ப்பு குறைவு.

சிக்கல் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். சி.டி.ஆர்.ஐ. படிவத்தில் `Primary Outcome` பகுதியில் இரண்டு கட்டங்கள் உண்டு: ஒன்று அவுட்கம், இன்னொன்று `TimePoints`. இரத்தம் எடுக்கும் நாள்களையெல்லாம் இரண்டாவது கட்டத்தில் போட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அளக்கும் நாள்கள் பத்து இருக்கலாம்; குழுக்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் நாள் ஒன்றுதான். பிரைமரிக்கான `TimePoints` கட்டத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வர வேண்டும். இரண்டு நாளைப் போட்டால், படிப்பவர் கணக்கில் உங்களுக்கு இரண்டு பிரைமரி. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு சோதனையை 0.05 வைத்துச் செய்தால், உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 9.75 ஆகிவிடுகிறது. ஒரே பெண்ணின் 4-வது, 8-வது வார அளவுகள் தொடர்புள்ளவை, அதனால் இவ்வளவு ஏறாது. ஆனாலும் 5-க்கு மேல்தான்.

"முன்னேற்றம்" என்ற வார்த்தை இதைவிடப் பெரிய ஓட்டை. ஒரு அவுட்கம் முழுதாகச் சொல்லப்பட்டதா என்று பார்க்க ஐந்து விஷயம் வேண்டும்: எதை அளக்கிறோம், எந்தக் கருவியால், ஒவ்வொருவரிடமும் எந்த எண்ணை எடுத்துக்கொள்கிறோம் (கடைசி அளவா, தொடக்கத்திலிருந்து ஏற்றமா), குழுவுக்கு அதை எப்படிச் சுருக்குகிறோம் (சராசரியா, சதவீதமா), எந்த நாளில். "ஹீமோகுளோபின் முன்னேற்றம்" என்பதில் முதல் விஷயம் மட்டும்தான் இருக்கிறது. சராசரி ஏற்றம், 11 கிராமைத் தாண்டியவர்கள் சதவீதம், 1 கிராமுக்கு மேல் ஏறியவர்கள் சதவீதம் என்று மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, தேறியதைக் காட்டி "பதிவில் சொன்னதுதான்" என்று சொல்ல அது இடம் கொடுக்கிறது. நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்று நம்புகிறேன். ஆனால் பதிவை மட்டும் பார்க்கும் ரெவ்யூவருக்கு அது தெரிய வழியில்லை.

உங்கள் ட்ரையலுக்கு அந்த ஐந்தையும் சேர்த்து ஒரே வாக்கியம் எழுதினால் இப்படி வரும்: "தொடக்கத்திலிருந்து 8-வது வாரம் வரை (56-வது நாள், 7 நாள் முன்பின்) இரத்த நாளத்திலிருந்து எடுத்து, ஆய்வகத் தானியங்கிக் கருவியில் அளந்த ஹீமோகுளோபின் ஏற்றம், கிராம்/டெ.லி.; இரு குழுச் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம்." இதற்கு `P1` என்று ஒரு எண் கொடுங்கள். புரோட்டோகால், பதிவு, புள்ளியியல் திட்டம், டேபிள், அப்ஸ்ட்ராக்ட் எல்லாவற்றுக்கும் இந்த வாக்கியம்தான் மூலம். ஒவ்வொரு இடத்திலும் நினைவிலிருந்து புதிதாக எழுதினால்தான் வார்த்தை நழுவும்.

அடைப்புக்குறிக்குள் போட்ட 7 நாளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஒடுகத்தூரில் சேர்ந்த பெண் 8-வது வாரத்தில் ஆம்பூரிலோ சித்தூர் பக்கமோ இருப்பார். திரும்பி வந்து 11-வது வாரத்தில் கொடுத்த இரத்தத்தை "8-வது வாரம்" என்ற தலைப்பில் சேர்த்துவிட்டால், டேபிளின் பெயரும் உள்ளே இருக்கும் எண்ணும் வேறாகிவிடும். எத்தனை நாள் முன்பின் ஏற்கலாம், அதற்கு வெளியே வந்த அளவை என்ன செய்வது என்பதை டேட்டாவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். புரோட்டோகாலில் எழுதவில்லை என்றால் இப்போது புதிதாக ஒரு எல்லை போட்டு அது முதலிலிருந்தே இருந்த மாதிரி எழுதாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி, எத்தனை பேருக்கு எந்த நாளில் எடுத்தது என்று சொல்லிவிடுங்கள்.

கருவியும் அப்படித்தான். 4-வது வார அளவு சுகாதார நிலையத்திலேயே விரல் குத்தி டிஜிட்டல் மீட்டரில் பார்த்ததா, ஆய்வகத்துக்கு அனுப்பியதா என்று சரிபாருங்கள். தொடக்க அளவு ஆய்வகத்தில், 4-வது வாரம் மீட்டரில் என்றால், "ஏற்றம்" என்று கழித்துப் போடும் எண்ணில் கருவிகளுக்கு இடையேயான வித்தியாசமும் கலந்திருக்கும். அது இரு குழுவுக்கும் பொதுவாக இருக்கலாம், ஆனால் `P1`-உம் 4-வது வார அளவும் ஒரே அவுட்கத்தின் இரண்டு நாள் என்று சொல்ல முடியாமல் போகும்.

இனி மற்றவற்றுக்குப் பெயர் வைப்போம். செகண்டரி என்பது புரோட்டோகாலில் அந்தத் தலைப்பின் கீழ் முன்பே எழுதப்பட்டது. எக்ஸ்ப்ளோரேட்டரி என்பதும் முன்பே எழுதப்பட்டதுதான், ஆனால் அதிலிருந்து முடிவு எதுவும் சொல்லப்போவதில்லை, அடுத்த ஆய்வுக்குக் குறிப்பு மட்டும் என்று ஒத்துக்கொண்டது. டேட்டாவைப் பார்த்த பிறகு தோன்றியதற்கு போஸ்ட்-ஹாக் என்று தனிப் பெயர் உண்டு. இந்தக் கடைசி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது ரொம்ப சகஜம். போஸ்ட்-ஹாக்கை எக்ஸ்ப்ளோரேட்டரி என்று எழுதினால் அதுவும் முன்பே திட்டமிட்டது போலத் தோன்றும். "மூன்றாம் பருவத்தில் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன்" என்று உங்களிடம் ஏதாவது இருந்தால், அது புரோட்டோகாலில் இல்லாதவரை போஸ்ட்-ஹாக்தான்.

பெயர் டேட்டாவோடு சேர்ந்தே பயணிக்க ஒரு எளிய வழி, எண்ணை வேரியபிள் பெயரிலேயே வைத்துவிடுவது:

```
p1_hb_chg_w8
s1_nausea_any_w8
s2_ferritin_w8
e1_pillcount_w8
x1_hb_chg_w4
```

`x` என்று தொடங்குவது "திட்டத்தில் இடம் தெளிவாக இல்லாதது அல்லது பிறகு வந்தது". புள்ளியியல் பார்ப்பவர் அவுட்புட் அனுப்பும்போது ஒவ்வொரு வரியிலும் அதன் தகுதி ஒட்டிக்கொண்டே வரும். நடு இரவில் தீசிஸ் எழுதும்போது `x1`-ஐப் பிரைமரி டேபிளில் ஒட்டக் கை கொஞ்சம் தயங்கும். ஃபெரிடினும் மாத்திரை எண்ணிக்கையும் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் புரோட்டோகாலில் உள்ளதை உள்ள வரிசையில் போடுங்கள்.

டேபிளுக்கு வருவோம். நீங்கள் அனுப்பியது பி மதிப்பு மட்டும். விளக்கத்துக்காக நான் எண்களை வைத்துக்கொள்கிறேன்: 8-வது வாரத்தில் தினமும் குழுவில் 55 பேர், சராசரி ஏற்றம் 1.4, ஒருநாள் விட்டு ஒருநாள் குழுவில் 54 பேர், ஏற்றம் 1.6. வித்தியாசம் 0.2, 95 சதவீத நம்பக இடைவெளி −0.1 முதல் 0.5 வரை. குமட்டல் 55-ல் 24 பேர், 54-ல் 13 பேர். வித்தியாசம் 20 சதவீதப் புள்ளி, இடைவெளி 2 முதல் 37 வரை. 4-வது வார வித்தியாசம் 0.25, இடைவெளி 0.01 முதல் 0.49 வரை. இவற்றின் பி மதிப்புகள் நீங்கள் சொன்னவற்றோடு ஒத்துப்போகும்.

ரிசல்ட் டேபிளின் முதல் வரி `P1`. அதற்கு மேலே "பிரைமரி அவுட்கம்" என்று தலைப்பு, அதன் கீழ் வேறு எதுவும் கிடையாது. அடுத்த தலைப்பு செகண்டரி. புரோட்டோகாலில் இருக்கும் எல்லாச் செகண்டரியும், அதே வரிசையில், தேறாதவையும் சேர்த்து. பி மதிப்பு சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கப்பட்ட டேபிளைப் பார்த்தாலே, ரிசல்ட் தெரிந்தபிறகு வரிசை போட்டார்கள் என்று அனுபவமுள்ள கண் பிடித்துவிடும். செகண்டரிகளுக்குப் பல ஒப்பீடுகளைச் சமன்செய்யும் திட்டம் உங்களிடம் முன்பே இல்லையென்றால், அந்த வரிகளில் பி மதிப்பை விட்டுவிட்டு வித்தியாசத்தையும் இடைவெளியையும் மட்டும் கொடுப்பது நல்லது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2019 முதல் கேட்பதும் இதைத்தான். "பி இல்லையா?" என்று கைடு கேட்டால், இடைவெளியை வைத்து உறுதியான முடிவு சொல்ல வேண்டாம், இது சமன்செய்யப்படாதது என்று ஒரு அடிக்குறிப்பு சேர்த்துக் காட்டுங்கள்.

கடைசித் தலைப்பின் கீழ் 4-வது வாரம் வரும். அதன் அடிக்குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுங்கள்: பதிவில் பிரைமரி அவுட்கத்துக்கு 4, 8 ஆகிய இரண்டு வாரங்களும் குறிக்கப்பட்டன, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் பெற்ற புரோட்டோகாலும் சாம்பிள் சைஸ் கணக்கும் 8-வது வாரத்துக்கானவை, எனவே 8-வது வாரம் பிரைமரியாகக் கொள்ளப்பட்டது. இதே இரண்டு வரி மெத்தட்ஸ் பகுதியிலும் வேண்டும். ட்ரையல் தொடங்கியபின் அவுட்கத்தில் ஏற்பட்ட மாற்றத்தைக் காரணத்தோடு சொல்லவேண்டும் என்று ட்ரையல் அறிக்கைகளுக்கான கான்சார்ட் வழிகாட்டி கேட்கிறது (2010 பட்டியலில் 6b). உங்களுடையது மாற்றம்கூட இல்லை, இரு ஆவணங்களுக்கு இடையே முரண். ஆனாலும் சொல்வதற்கு இடம் அதுதான்.

"பதிவில் இருக்கிறதே, இரண்டுமே பிரைமரி என்று வைத்துக்கொள்கிறேன்" என்று பிடிவாதமாக நின்றால் என்ன ஆகும்? அப்போது 0.05-ஐ இரண்டாகப் பகிர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 0.025. உங்கள் 0.04 அதற்குள்ளும் வரவில்லை. எந்த வழியில் போனாலும் தீர்ப்பு ஒன்றுதான். கைடிடம் பேச இதைவிட எளிதான வாதம் கிடையாது. இதை அடிக்குறிப்பிலும் ஒரு வரி சேர்த்தால் ரெவ்யூவர் கேட்கும் முன்பே பதில் கிடைத்துவிடும்.

பெயர் பெரும்பாலும் தொலைவது அப்ஸ்ட்ராக்டில்தான். 250 வார்த்தைதான் இடம், தேறாத பிரைமரியைச் சொல்ல மனசு வராது. சான் குழுவினர் 2004-ல் ஜாமாவில் வெளியிட்ட ஆய்வில், டென்மார்க்கில் 102 ட்ரையல்களின் புரோட்டோகாலையும் வெளியான கட்டுரைகளையும் ஒப்பிட்டார்கள். 62 சதவீதத்தில் குறைந்தது ஒரு பிரைமரி அவுட்கமாவது மாற்றப்பட்டோ, புதிதாக நுழைக்கப்பட்டோ, விடப்பட்டோ இருந்தது. பூத்ரோன் குழுவினர் 2010-ல் பிரைமரி தேறாத 72 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் அப்ஸ்ட்ராக்டின் முடிவுரை விஷயத்தைத் திரித்துச் சொல்லியிருந்தது. உங்கள் கைடு சொல்வது புதிதாக யாரும் செய்யாத காரியம் இல்லை. அதனால்தான் ரெவ்யூவர்கள் இப்போது பதிவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறார்கள்.

அப்ஸ்ட்ராக்டின் மெத்தட்ஸில் `P1` வாக்கியத்தைச் சுருக்கி, "பிரைமரி அவுட்கம்" என்ற வார்த்தையோடு போடுங்கள். சுருக்கும்போது வெட்டக்கூடாதது நாளும் எண்ணின் வகையும் (ஏற்றமா, சதவீதமா). கருவி போனால் பரவாயில்லை. ரிசல்ட்ஸின் முதல் வாக்கியம் `P1` எண்ணும் இடைவெளியும். அதன்பின் குமட்டல், "செகண்டரி அவுட்கமான" என்ற அடைமொழியோடு. 4-வது வாரத்துக்கு அப்ஸ்ட்ராக்டில் இடமே வேண்டாம் என்பது என் கருத்து. போட்டே ஆகவேண்டும் என்றால், பிரைமரி அல்ல என்பதும் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

முடிவுரையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரைவு இப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன்: "ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு, தினசரி இரும்பைப் போலவே பயனுள்ளது, விரைவில் பலன் தருகிறது, பக்கவிளைவு குறைவு." மூன்று கூற்று, மூன்றிலும் பழுது.

"போலவே பயனுள்ளது" என்பது எல்லாரும் வழுக்கும் இடம். வித்தியாசம் தேறவில்லை என்பதும் இரண்டும் சமம் என்பதும் வேறு. சமம் அல்லது மோசமில்லை என்று சொல்ல, எவ்வளவு குறைந்தால் பொறுத்துக்கொள்வோம் என்ற எல்லையை ட்ரையல் தொடங்கும் முன்பே குறித்திருக்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட எண்களில் இடைவெளியின் கீழ்முனை −0.1 என்பதால், 0.3 என்று ஒரு எல்லை முன்பே இருந்திருந்தால் நீங்கள் நிம்மதியாக "மோசமில்லை" என்று எழுதியிருக்கலாம். இப்போது 0.3 என்று போட்டால், விடையைப் பார்த்துவிட்டு எல்லை போட்டது ஆகும். இடைவெளியை மட்டும் கொடுத்துவிடுங்கள், படிப்பவர் தன் எல்லையை வைத்துப் பார்த்துக்கொள்வார். "விரைவில் பலன்" 4-வது வாரத்தைப் பிரைமரியாக ஏற்றி வைக்கிறது. "பக்கவிளைவு குறைவு" என்பதில் நீங்கள் அளந்தது குமட்டல் ஒன்றுதான். மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும் அந்த வார்த்தைக்குள் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டன.

அதற்குப் பதிலாக இந்தப் பொருளில் எழுதலாம்: "8-வது வார ஹீமோகுளோபின் ஏற்றத்தில் (பிரைமரி) இரு முறைகளுக்கும் இடையே வித்தியாசம் இருப்பதாக இந்த ட்ரையல் காட்டவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குழுவில் குமட்டல் சொன்னவர்கள் குறைவு. இது செகண்டரி அவுட்கம், பல ஒப்பீடுகளுக்குச் சமன்செய்யப்படவில்லை." மந்தமாகத்தான் இருக்கும். ஆனால் களத்தில் மாத்திரை கொடுக்கும் கிராம சுகாதார செவிலியருக்கு அந்தக் குமட்டல் வரி உபயோகமானது. அதைச் செகண்டரி என்று சொல்வதால் அதன் மதிப்பு போய்விடாது.

அனுப்பும் முன் கோப்பில் தேடுதல் பெட்டியைத் திறந்து, `significant`, `effective`, `improved`, `side effects` ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வருகிற ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது `P1`-ஆ, `S1`-ஆ, `x1`-ஆ என்று பென்சிலால் எழுதுங்கள். எந்த எண்ணும் பொருந்தாத வாக்கியம் இருந்தால் வெட்ட வேண்டும். கட்டுரைத் தலைப்பு, படங்களின் கீழ்க்குறிப்பு, டிஸ்கஷனின் முதல் பத்தி மூன்றையும் மறக்காதீர்கள். ஹீமோகுளோபின் வரைபடத்தில் 4-வது வாரத்துக்கு மேல் மட்டும் நட்சத்திரக் குறி போட்டு, 8-வது வாரத்தில் ஒன்றும் போடாமல் விடுவது டேபிளில் நீங்கள் கட்டிக்காத்ததை ஒரே படத்தில் கெடுத்துவிடும்.

கடைசியாக சி.டி.ஆர்.ஐ. பதிவு. இப்போது உள்ளே போய் "4" என்பதை அழித்துவிடலாமா என்று தோன்றும். செய்யாதீர்கள். கடைசியாக மாற்றிய தேதி பதிவின் மேலேயே தெரியும். ரிசல்ட் கையில் வந்தபிறகு பிரைமரியைத் திருத்தியதாகத்தான் படிப்பவருக்குத் தோன்றும், நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும். முரண்பாட்டை எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு கடிதத்தில் தெரிவித்து, புரோட்டோகாலின் ஒப்புதல் தேதியிட்ட பிரதியைத் தீசிஸின் பின்னிணைப்பில் சேருங்கள், ஜர்னலுக்கும் துணைக்கோப்பாக அனுப்புங்கள். பதிவில் முதல் பெண் சேர்ந்த தேதிக்கு முன்பே புரோட்டோகால் ஒப்புதல் ஆகியிருக்கிறது என்று அந்தப் பிரதியின் முத்திரை காட்டும்.